மாமாவுக்கு ஏபிஎல்னு சொல்லிட்டாங்க: ரத்தக்கசிவும் அந்த வைட்டமின் ஏ மாத்திரையும்

கேள்வி: எங்க அக்கா வீட்டுக்காரருக்கு 36 வயசு. பத்து நாளா ஈறுல ரத்தம், காலெல்லாம் நீலத் திட்டு. டெங்குன்னு நெனச்சு போனா ரத்தப் புத்துநோய், ஏபிஎல்னு சொல்லிட்டாங்க. டாக்டர் "இந்த ரெண்டு வாரம்தான் பயம், தாண்டிட்டா முழுசா குணமாகும்"னாரு. குடுக்கறது ஏதோ வைட்டமின் ஏ மாதிரி மாத்திரையும் ஆர்செனிக்குமாம். ஒரே நோய் எப்படி இவ்ளோ ஆபத்தாவும் இருந்து இவ்ளோ சுலபமா குணமாவும் ஆகும்? எங்கள சமாதானப்படுத்த சொல்றாங்களா?

பதில்:

சமாதானத்துக்கு சொல்லல, உங்க டாக்டர் சொன்னது அப்படியே நெஜம். நான் ஆஸ்பத்திரி லேப்ல மைக்ராஸ்கோப்ல ரத்த ஸ்மியர் பாக்கற டாக்டர், பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. மத்த லுக்கீமியால்லாம் கண்டுபிடிச்சா ரிப்போர்ட் டைப் பண்ணி கையெழுத்து போட்டு அனுப்புவோம். ஏபிஎல் மட்டும் அப்படி இல்ல, ஸ்லைடு இன்னும் மைக்ராஸ்கோப்ல இருக்கும்போதே வார்டுக்கு போன் போயிடும், "ஆட்ரா ஸ்டாக் இருக்கா, இப்பவே முதல் டோஸ் குடுங்க"ன்னு. ஆட்ராங்கறதுதான் நீங்க சொன்ன வைட்டமின் ஏ மாதிரி மாத்திரை. ஜீன் டெஸ்ட் வந்து கன்ஃபார்ம் ஆகற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அந்த ஒரு ராத்திரி தாமதத்துல மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போனவங்க இருக்காங்க.

ஏன் இப்படின்னு புரியணும்னா எலும்பு மஜ்ஜைக்குள்ள போகணும். வெள்ளை அணுக்கள் அங்கதான் படிப்படியா வளருது, பள்ளிக்கூடத்துல கிளாஸ் ஏறற மாதிரி. நடுவுல ப்ரோமைலோசைட்னு ஒரு கிளாஸ். இந்த கிளாஸ்ல இருக்கற அணுவோட வயித்துல குட்டி குட்டி துகள்கள் நெறைய, அதுக்குள்ள கிருமியை கரைக்கற காரமான என்சைம்கள். நல்லா இருக்கறவங்களுக்கு இந்த அணு சில நாள்ல அடுத்த கிளாசுக்கு போயி, முழுசா முதிர்ந்து, ரத்தத்துக்கு வந்து, வேலை பாத்துட்டு செத்துப் போயிடும். ஏபிஎல்ல எல்லாரும் ஃபெயில் ஆகி அதே கிளாஸ்ல உக்காந்துட்டாங்க, புதுசு புதுசா சேந்துட்டே இருக்காங்க, யாரும் பாஸ் ஆகி வெளிய போகல. மஜ்ஜை பூரா ப்ரோமைலோசைட். சிவப்பணு, பிளேட்லெட் செய்ய எடமே இல்ல.

பாஸ் ஆக விடாம தடுக்கறது யாருன்னா, அதுதான் அந்த ஜீன். உங்க மாமா ரிப்போர்ட்ல t(15;17)னு ஒண்ணு இருக்கும் பாருங்க. மஜ்ஜையில எங்கயோ ஒரே ஒரு அணுவுல 15வது குரோமோசோமும் 17வது குரோமோசோமும் உடைஞ்சு, துண்டுகள் எடம் மாறி ஒட்டிக்கிச்சு. 15ல இருந்த பிஎம்எல் ஜீனும் 17ல இருந்த ஆர்ஏஆர்ஏ ஜீனும் ஒண்ணா ஒட்டி, ஒரு கலப்பு புரோட்டீன் பிறக்குது. அவரோட அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது இல்ல இது, பசங்களுக்கும் போகாது, அவர் வாழ்க்கையில நடுவுல நடந்த ஒரு விபத்து. இந்த 15-17 மாத்தத்தை 1977ல சிகாகோவுல ஜேனட் ரௌலி கண்டுபிடிச்சாங்க, ஆனா ஒட்டிக்கிட்ட ஜீன்கள் எதுன்னு தெரிய 1990 ஆச்சு.

இதுல ஆர்ஏஆர்ஏங்கறது ரெட்டினாயிக் ஆசிட் ரிசெப்டர். ரெட்டினாயிக் ஆசிட்ன்னா நாம சாப்பிடற வைட்டமின் ஏ உடம்புக்குள்ள போயி மாறி வர்ற ஒரு பொருள். ரிசெப்டரை ஒரு சுவிட்ச்னு வச்சுக்கோங்க. அது டிஎன்ஏ மேல உக்காந்திருக்கும், ரெட்டினாயிக் ஆசிட் வந்து அதோட பள்ளத்துல பொருந்தினா சுவிட்ச் ஆன், "முதிர்ந்துடு"ங்கற ஜீன்கள் எல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்கும். வராத நேரத்துல சுவிட்ச் ஆஃப்ல இருக்கும், அதைப் புடிச்சு ஆஃப்ல வைக்க கூடவே ரெண்டு மூணு புரோட்டீன் காவல் நிக்கும். நல்ல அணுவுல ரத்தத்துல இயல்பா ஓடற துளியூண்டு ரெட்டினாயிக் ஆசிடே அந்த காவலை வெலக்கிடும்.

கலப்பு புரோட்டீன்ல அது நடக்கல. பிஎம்எல் பாதி ஒட்டினதால இது ரெண்டு ரெண்டா, கொத்து கொத்தா சேந்து டிஎன்ஏல உக்காருது, காவலுக்கு நிக்கற புரோட்டீன்களை இறுக்கமா புடிச்சு வச்சிக்குது, இயல்பான அளவு ரெட்டினாயிக் ஆசிட் வந்து தட்டினாலும் கதவு தெறக்காது. அதனாலதான் அணு ப்ரோமைலோசைட் கிளாஸ்லயே நின்னு போகுது. ஆனா ஒண்ணு கவனிங்க, பூட்டு எவ்வளவு முரட்டுத்தனமா ஆனாலும் சாவித் துவாரம் அப்படியேதான் இருக்கு. ரெட்டினாயிக் ஆசிட் பொருந்தற பள்ளம் கலப்பு புரோட்டீன்லயும் உண்டு. நூறு மடங்குக்கு மேல குடுத்தா தெறந்துடும். முழு சிகிச்சையும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

இப்ப ரத்தக்கசிவு. சாதாரண லுக்கீமியால ரத்தம் வந்தா பிளேட்லெட் கம்மி, அதான் காரணம்னு முடிஞ்சிடும். ஏபிஎல்ல அதே பிளேட்லெட் எண்ணிக்கைக்கு இன்னும் மோசமா ரத்தம் வரும். காரணம் அந்த ப்ரோமைலோசைட்டே.

ரத்தம் உறையறதை சுவர் கட்டறதுன்னு வச்சுக்கோங்க, பிளேட்லெட்தான் செங்கல், ஃபைப்ரினோஜன்தான் சிமெண்ட். அடிபட்ட எடத்துல டிஷ்யூ ஃபேக்டர்னு ஒரு பொருள் வெளிய தெரியும்போது "இங்க கட்டு"ன்னு மேஸ்திரிக்கு ஆர்டர் போகும். இந்த ஏபிஎல் அணுக்கள் அந்த டிஷ்யூ ஃபேக்டரை தன் மேலயே வச்சிருக்கு, அடிபடாத எடத்துல எல்லாம் ஆர்டர் போட்டுட்டே சுத்துது. உடம்பு பூரா தேவையில்லாத குட்டி குட்டி சுவர் கட்டியே சிமெண்ட் மூட்டை காலி. இதோட நிக்கல. அதே அணு தன் மேல ஆனெக்சின் 2ன்னு ஒரு புரோட்டீனை அளவுக்கு மீறி வச்சிருக்கு. அது கட்டின சுவரை இடிக்கற பிளாஸ்மின்ங்கற என்சைமை வேகவேகமா தயாரிக்க வைக்கும். போதாக்குறைக்கு வயித்துல இருக்கற துகள்கள்ல இருந்து வர்ற என்சைமும் ஃபைப்ரினோஜனை கடிச்சு தின்னுது. ஒரு பக்கம் வேஸ்ட்டா கட்டி தீக்கறான், இன்னொரு பக்கம் கட்டினதையும் இடிக்கறான், நெஜமா ஓட்டை விழுற எடத்துல அடைக்க ஒண்ணும் இல்ல. மூளையோட சின்ன ரத்தக்குழாய் உள்பக்கத்துலயும் ஆனெக்சின் 2 அதிகம்ங்கறதும், அதனாலதான் மத்த எடத்த விட மூளையில கசிவு அதிகமா நடக்குதுங்கறதும் ஒரு விளக்கம்.

பழைய காலத்து கீமோ ஏன் இதை இன்னும் மோசமாக்குச்சுன்னும் இதுல இருந்தே புரியும். ஒவ்வொரு ப்ரோமைலோசைட்டும் ஒரு பட்டாசு குடோன். கீமோ குடுத்தா ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான குடோன்ல தீ வச்ச மாதிரி, உள்ள இருக்கறது எல்லாம் ரத்தத்துல கொட்டும், மருந்து வேலை செய்யற அன்னைக்கே ஆள் ரத்தம் கக்கி போவாரு. நார்வே டாக்டர் ஹில்லஸ்டாட் 1957ல இந்த நோயை முதல்முதலா தனியா விவரிச்சப்ப, சில வாரத்துலயே உசுரை எடுக்கற, லுக்கீமியாலயே ரொம்ப மோசமான வகைன்னுதான் எழுதினாரு.

அதுக்கு மாறா ஆட்ரா, அதாவது ஆல்-ட்ரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட், அணுவைக் கொல்லல. பாஸ் போட்டு அடுத்த கிளாசுக்கு அனுப்புது. முதிர முதிர டிஷ்யூ ஃபேக்டர் கொறையும், ஆனெக்சின் கொறையும், பட்டாசை நனைச்சு வெளிய எடுத்துட்டு வர்ற மாதிரி. அதனாலதான் முதல் மாத்திரைக்கு இவ்வளவு அவசரம், அது கேன்சர் மருந்து மட்டும் இல்ல, ரத்தக்கசிவுக்கே மூல மருந்து. அணு செத்துப் போகல, முதிர்ந்துதான் போச்சுன்னு எப்படி தெரியும்னா, சிகிச்சை ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல ரத்தத்துல வர்ற முழுசா வளர்ந்த நியூட்ரோஃபிலை எடுத்து டெஸ்ட் பண்ணா அதுக்குள்ளயும் அந்த 15-17 ஒட்டு இருக்கும். நேத்து வரைக்கும் புத்துநோய் அணுவா இருந்தது இன்னைக்கு ஒழுங்கா வேலை பாத்துட்டு ரெண்டு நாள்ல தானா செத்துப் போகுது. நான் பாத்த மருந்துகள்லயே மனசுக்கு ரொம்ப புடிச்ச மருந்து இதுதான், காரணம் வேற ஒண்ணும் இல்ல, இது சண்டையே போடல.

இது எப்படி வந்துச்சுங்கறது ஒரு தனி கதை, சுருக்கமா சொல்றேன். ஷாங்காயில வாங் ஜென்யின்னு ஒரு டாக்டர், 1985ல சாகற நெலமையில இருந்த அஞ்சு வயசு பெண் குழந்தைக்கு முதல்ல குடுத்தாரு, அந்த குழந்தை பொழச்சிடுச்சு. 1988ல அவரோட குழு 24 பேரோட விவரம் வெளியிட்டாங்க, அத்தனை பேருக்கும் நோய் அடங்கிடுச்சு, ஒருத்தருக்கு மட்டும் கூட கொஞ்சம் கீமோ தேவைப்பட்டுச்சு. அப்ப இது எந்த ஜீன்ல வேலை செய்யுதுன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது! ஆர்ஏஆர்ஏ உடைஞ்சிருக்குன்னு ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரியுது. சாவி முதல்ல கெடச்சு, பூட்டு அப்புறம் கெடச்ச கதை.

ஆனா ஆட்ரா மட்டும் குடுத்தவங்க நெறைய பேருக்கு சில மாசத்துல நோய் திரும்பி வந்துச்சு. ஒரு காரணம், தொடர்ந்து குடுத்தா உடம்பு அந்த மருந்தை சீக்கிரமா உடைக்க கத்துக்குது. முக்கிய காரணம், முதிர வச்சா மட்டும் போதாது, முளை விடற வேர் அணுவுக்குள்ள அந்த கலப்பு புரோட்டீனே இல்லாம போகணும். அங்கதான் ஆர்செனிக் வருது.

ஆர்செனிக் ட்ரை ஆக்சைடுன்னா நம்ம ஊர்ல வெள்ளைப் பாஷாணம்னு சொல்றதேதான், பேரைக் கேட்டு உங்க அக்கா பயந்திருந்தா ஆச்சரியமே இல்ல. 1970கள்ல சீனாவோட ஹார்பின்ல ஜாங் டிங்டாங்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் நாட்டு வைத்தியத்துல இருந்து எடுத்து ஊசியா மாத்தி லுக்கீமியாவுக்கு குடுத்துப் பாத்தாங்க, அதுல ஏபிஎல்லுக்கு மட்டும் அபாரமா வேலை செஞ்சுது. ஏன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஆட்ரா கலப்பு புரோட்டீனோட ஆர்ஏஆர்ஏ பாதியில பொருந்துது, ஆர்செனிக் அடுத்த பாதியில, பிஎம்எல்ல போய் ஒட்டுது. ஒட்டின உடனே அந்த புரோட்டீன் மேல "இதை அழிச்சுடு"ன்னு முத்திரை விழுது, அணுவோட சொந்த குப்பை மிஷினே அதை அரைச்சுத் தள்ளிடும். ஆட்ராவும் தன் பக்கத்துல இருந்து அதே அழிவை தூண்டுது. ரெண்டு பாதிக்கும் ரெண்டு தனித்தனி மருந்து, நோயோ முழுக்க முழுக்க அந்த ஒரே புரோட்டீனை நம்பி நிக்குது. மத்த லுக்கீமியால அஞ்சாறு ஜீன் கூட்டு சேந்து வேலை செய்யும், ஒண்ணை அடிச்சா இன்னொண்ணு தாங்கும். இங்க பெரும்பாலும் ஒரே தூண்தான், அதை எடுத்தா வீடு விழுந்துடும். உங்க கேள்விக்கு இதுதான் விடை: எது ரத்தத்தை கெடுக்குதோ அதே புரோட்டீனுக்குத்தான் நம்மகிட்ட நேரா பொருந்தற ரெண்டு மருந்து இருக்கு.

எண்ணிக்கையில சொல்லணும்னா, இத்தாலி ஜெர்மனி டாக்டர்கள் சேந்து பண்ண ஒரு ஆராய்ச்சி 2013ல வந்துச்சு. ஆரம்பத்துல வெள்ளை அணு 10,000க்கு மேல போகாதவங்களுக்கு கீமோவே இல்லாம ஆட்ராவும் ஆர்செனிக்கும் மட்டும் குடுத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 97 சதவீதம் பேர் நோய் திரும்பாம, வேற அசம்பாவிதமும் இல்லாம இருந்தாங்க. ஆட்ராவோட கீமோ வாங்கினவங்கள்ல அது 86. நம்ம வேலூர் சிஎம்சியும் இதுல பெரிய வேலை பண்ணிருக்கு, விக்ரம் மேத்யூஸ் குழு 2006ல 72 பேருக்கு ஆர்செனிக் மட்டும் குடுத்த அனுபவத்தை வெளியிட்டாங்க, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு. மருந்துக்கு செலவு பண்ண முடியாதவங்களுக்கும் வழி இருக்குன்னு காட்டின வேலை அது. ஆனா இந்த எண்களை ஜாக்கிரதையா படிக்கணும். ஆராய்ச்சியில பேர் சேக்கற வரைக்கும் உசுரோட இருந்தவங்க கணக்குதான் அது. ஸ்வீடன்ல 1997ல இருந்து 2006 வரைக்கும் நாடு பூரா வந்த ஏபிஎல் எல்லாத்தையும் எண்ணிப் பாத்தப்ப 29 சதவீதம் பேர் முதல் 30 நாள்லயே போயிட்டாங்க. அதாவது மருந்து தோக்கல, நேரம் தோத்துச்சு.

அந்த ரெண்டு வாரம் எப்படி போகும்னு தெரியாமதான் பயம் அதிகமா இருக்கும், அதனால ஒருத்தரோட கணக்கை வச்சே சொல்றேன். இது ஒரே ஆள் இல்ல, நான் பாத்த பல பேரை சேத்து ஒருத்தரா ஆக்கினது.

65 கிலோ எடை, 36 வயசு. வந்த அன்னைக்கு ஹீமோகுளோபின் 8, வெள்ளை அணு 2,100, பிளேட்லெட் 14,000. இந்த மூணையும் மட்டும் பாத்தா டெங்குன்னு நெனைக்கறதுல தப்பே இல்ல, ஏபிஎல்ல நெறைய பேருக்கு வெள்ளை அணு ஏறியே இருக்காது, கொறைஞ்சுதான் இருக்கும். ஆனா ஃபைப்ரினோஜன் 85. சாதாரணமா 200க்கு மேல இருக்கணும். உறைஞ்ச ரத்தம் கரையறதைக் காட்டற டி-டைமர் எக்கச்சக்கம். ஸ்மியர்ல தேடித் தேடிப் பாத்தா பத்து பன்னெண்டு அணு, துகள் நெறைஞ்சு, அதுல ஒண்ணுல விறகுக் கட்டு மாதிரி ஊதாக் குச்சிகள். அந்த குச்சிக்கு ஆவர் ராட்னு பேரு, ஒண்ணு ரெண்டு இருந்தா வேற லுக்கீமியாவாவும் இருக்கலாம், கட்டா இருந்தா அநேகமா ஏபிஎல்தான். சில பேருக்கு துகளே கண்ணுக்கு தெரியாத ஒரு வகை உண்டு, நியூக்ளியஸ் பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டா மடிஞ்சிருக்கும், வெள்ளை அணு எகிறி இருக்கும், அவசரத்துல மோனோசைட் லுக்கீமியான்னு ஏமாந்துடலாம். அங்கயும் ஃபைப்ரினோஜன்தான் காட்டிக் குடுக்கும்.

ராத்திரி எட்டு மணிக்கு முதல் டோஸ். கணக்கு உடம்போட பரப்பளவுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 45 மில்லிகிராம். அவருக்கு 1.7 சதுர மீட்டர்னா 76 வருது, 10 மில்லிகிராம் கேப்சூல்தான் இருக்கறதால காலைல நாலு ராத்திரி நாலு, சாப்பாட்டோட. அன்னைக்கு ராத்திரியே பிளேட்லெட்டும், ஃபைப்ரினோஜன் நெறைய இருக்கற கிரையோங்கற பையும் ஏத்துவாங்க. பிளேட்லெட் 30,000ல இருந்து 50,000க்கு மேலயும் ஃபைப்ரினோஜன் 100ல இருந்து 150க்கு மேலயும் நிக்கணும்ங்கறது இலக்கு, அதுக்காக ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை ரத்தம் எடுத்து பாத்துட்டே இருப்பாங்க. ஏத்தின பிளேட்லெட் சாயங்காலத்துக்குள்ள பாதியாயிடும், திரும்ப ஏத்தணும். "தினம் தினம் ஏத்துறாங்க, ஏறவே மாட்டேங்குது"ன்னு வீட்ல எல்லாரும் ஒடஞ்சு போவாங்க, அந்த கட்டத்துல அப்படித்தான் இருக்கும். உங்களால செய்ய முடியறது ஒண்ணே ஒண்ணுதான், ரத்தம், பிளேட்லெட் குடுக்க ஆளை வரிசையா ரெடியா வச்சிருங்க, முதல் நாளே எல்லாரையும் கூட்டிட்டு வந்துடாதீங்க.

இந்த நேரத்துல கழுத்துல பெரிய லைன் போடறது, முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுக்கறது, இடுப்புல தசை ஊசி, பல்லு புடுங்கறது எல்லாம் கூடாது. தலைவலின்னு யாராவது டைக்ளோஃபெனாக், புரூஃபென், ஆஸ்பிரின் குடுத்தா வாங்கவே கூடாது. புதுசா தலைவலி, பார்வை மங்கல், தூங்கித் தூங்கி விழறது, வாந்தி, இதுல எது வந்தாலும் நர்ஸ் ரவுண்டுக்கு காத்திருக்காதீங்க, நேரா போய் சொல்லுங்க, ராத்திரி மூணு மணியா இருந்தாலும். ஆட்ராவே தலைக்குள்ள அழுத்தத்தை ஏத்தி தலைவலி குடுக்கும், குழந்தைகளுக்கு அது அதிகம், ஆனா இது மாத்திரை தலைவலிதான்னு ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும்.

ஜீன் டெஸ்ட் வந்ததும் ஆர்செனிக் ஆரம்பம். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், அவருக்கு கிட்டத்தட்ட 10 மில்லிகிராம், ட்ரிப்ல ரெண்டு மணி நேரம். தினமும் பொட்டாசியம், மெக்னீசியம் பாக்கணும், வாரத்துக்கு ரெண்டு மூணு ஈசிஜி, ஏன்னா ஆர்செனிக் இதயத் துடிப்போட தாளத்தை நீட்டும், அந்த ரெண்டு உப்பும் கொறைஞ்சிருந்தா அது ஆபத்துல முடியும். வேற எந்த மாத்திரை ஆரம்பிச்சாலும், வாந்திக்கோ ஆன்டிபயாட்டிக்கோ, "இது ஈசிஜியை பாதிக்குமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அஞ்சாறு நாள்ல ஈறு ரத்தம் நின்னுச்சு, ஃபைப்ரினோஜன் கிரையோ இல்லாமலே 180. எல்லாரும் மூச்சு விட்டாங்க. எட்டாவது நாள் வெள்ளை அணு 2,100ல இருந்து 14,000. வீட்ல பீதி, கேன்சர் பரவிடுச்சான்னு. அது பரவல, ஃபெயில் ஆகி உக்காந்திருந்த பசங்க எல்லாம் ஒட்டுமொத்தமா பாஸ் ஆகி வெளிய வர்றாங்க. ஆனா அந்த கூட்டம் வெளிய வரும்போது ஒரு கலாட்டா நடக்கலாம், அதுக்கு டிஃபரன்சியேஷன் சின்ட்ரோம்னு பேரு, நாலு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு அளவுல வரும். பத்தாவது நாள் காய்ச்சல், மூச்சு வாங்கல், கால் வீக்கம், ரெண்டு நாள்ல நாலு கிலோ எடை கூடிடுச்சு, எக்ஸ்ரேல நுரையீரல் வெள்ளையா. இதை நிமோனியான்னு மட்டும் நெனச்சு ஆன்டிபயாட்டிக்கோட நிறுத்தினா உசுருக்கே வந்துடும். சந்தேகம் வந்த உடனே டெக்ஸாமெத்தசோன் 10 மில்லிகிராம் ரெண்டு வேளை, ரொம்ப மோசமா இருந்தா மட்டும் ஆட்ராவையும் ஆர்செனிக்கையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. வெள்ளை அணுவைக் கொறைக்க ஹைட்ராக்சியூரியா கேப்சூல். இவருக்கு மூணு நாள்ல மூச்சு சரியாச்சு. தினம் காலைல ஒரே மிஷின்ல எடை போடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்குத்தான், எக்ஸ்ரே மாறறதுக்கு முன்னாடியே எடை காட்டிக் குடுத்துடும்.

ரெண்டாவது வாரக் கடைசியில "மஜ்ஜை டெஸ்ட் எடுத்து பாக்கலாமே"ன்னு யாராவது கேப்பாங்க. எடுக்கக் கூடாது. அப்ப எடுத்தா பாதி முதிர்ந்த ப்ரோமைலோசைட்தான் நெறைஞ்சிருக்கும், மருந்து வேலை செய்யலன்னு தப்பா அர்த்தம் பண்ணிடுவாங்க. ஜீன் டெஸ்ட்டும் பாசிட்டிவாத்தான் இருக்கும். ஒரு மாசம் ஆகி, பிளேட்லெட் ஒரு லட்சத்தை தானா தாண்டின பிறகு எடுக்கறதுதான் சரி. அவருக்கு 32வது நாள் எடுத்தாங்க, மஜ்ஜை சுத்தம்.

அதோட முடியல. நோய் அடங்கின பிறகும் ஆர்செனிக் வாரத்துக்கு அஞ்சு நாள், நாலு வாரம் போட்டு நாலு வாரம் விட்டு, அப்படி நாலு சுத்து, ஆட்ரா ரெண்டு வாரம் சாப்பிட்டு ரெண்டு வாரம் விட்டு ஏழு சுத்து. ஏழெட்டு மாசம் ஆயிடும். பெரும்பாலான பேர் இந்த காலத்துல வீட்ல இருந்து காலைல வந்து ட்ரிப் போட்டுட்டு மதியம் போயிடுவாங்க, சில பேர் வேலைக்கே போறாங்க. மஜ்ஜை மாத்து ஆபரேஷன் எல்லாம் முதல் தடவை நோய்க்கு தேவைப்படாது.

எல்லாருக்கும் இதே வழி இல்ல. வந்த அன்னைக்கே வெள்ளை அணு 10,000க்கு மேல இருந்தா ஹை ரிஸ்க், ரத்தக்கசிவும் அதிகம், நோய் திரும்பற வாய்ப்பும் அதிகம், அவங்களுக்கு ஐடாருபிசின் மாதிரி ஒரு கீமோவும் சேக்கணும். உங்க மாமாவோட முதல் ரிப்போர்ட்ல அந்த எண் என்னன்னு பாருங்க, எட்டாவது நாள் ஏறினது இந்த கணக்குல வராது. இன்னொரு அபூர்வ வகையில ஆர்ஏஆர்ஏ 15க்கு பதிலா 11வது குரோமோசோம்ல இருக்கற பிஎல்இஸட்எஃப்ங்கற ஜீனோட ஒட்டியிருக்கும். அங்க காவல் புரோட்டீன்கள் ஆர்ஏஆர்ஏ பாதியை மட்டும் புடிக்கல, பிஎல்இஸட்எஃப் பாதியையும் புடிச்சிருக்கு, அதனால எவ்வளவு ஆட்ரா குடுத்தாலும் கதவு சரியா தெறக்காது, பிஎம்எல் பாதியே இல்லாததால ஆர்செனிக் ஒட்ட எடமும் இல்ல. மைக்ராஸ்கோப்ல கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்துட்டு மருந்துக்கு மட்டும் மசியாது. மருந்துக்கு ஜீன் டெஸ்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாதுதான், ஆனா ஜீன் டெஸ்ட் பண்ணாம விடவும் கூடாதுங்கறது இதனாலதான்.

ரெண்டு விஷயம் சொந்தக்காரங்களுக்காக. வைட்டமின் ஏ தானேன்னு கேரட் ஜூஸ், கடையில விக்கற வைட்டமின் ஏ கேப்சூல் குடுக்காதீங்க, அந்த பூட்டு தெறக்கற அளவுக்கு ரெட்டினாயிக் ஆசிட் அதுல இருந்து வராது, கேப்சூலால ஈரல்தான் கெடும். அதே மாதிரி பாஷாண மருந்துன்னு யாராவது பொட்டலம் குடுத்தா வாங்காதீங்க, ஊசியில போறது மில்லிகிராம் கணக்குல அளந்து ஈசிஜி பாத்துப் பாத்து குடுக்கறது, பொட்டலத்துல எவ்வளவுன்னு குடுத்தவருக்கே தெரியாது. அக்காவும் மாமாவும் இன்னொரு குழந்தைக்கு யோசிச்சிட்டு இருந்தா சிகிச்சை முடியற வரைக்கும் தள்ளிப் போடுங்க, இப்பவே டாக்டர்கிட்ட சொல்லி வைங்க.

கடைசியா, முதல் நாள் எடுத்த பிசிஆர்ங்கற ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டை பத்திரமா ஃபைல் பண்ணுங்க. பிஎம்எல் ஜீன் எல்லாருக்கும் ஒரே எடத்துல உடையறது இல்ல, மூணு விதமா உடையும், அவருக்கு எந்த விதம்னு அதுல எழுதியிருக்கும். சிகிச்சை முடியும்போது அதே விதத்தைத் தேடித்தான் திரும்ப பிசிஆர் பண்ணுவாங்க, வேற ஊர்ல வேற லேப்ல பண்ணா அந்த பேப்பர் இல்லாம எதைத் தேடறதுன்னே அவங்களுக்கு தெரியாது.